இரண்டு நிமிட டீச்சர்

நாலாம் வகுப்பு டீச்சருக்கு ஆசிரியர் அறையில் ஒரு பட்டப்பெயர் உண்டு. 'ரெண்டு நிமிஷம்'. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். டீச்சரும் கோபித்துக்கொள்வதில்லை. மணி அடித்த பிறகும் "ரெண்டே நிமிஷம், இதை மட்டும் முடிச்சிடலாம்" என்று அவர் ஆரம்பித்தால், மைதானத்தில் விளையாட்டு ஆசிரியர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் தேவுடு காக்க வேண்டும். வீட்டிலும் அதே கதைதான். "ரெண்டு நிமிஷத்துல கிளம்பிடறேன்" என்று டீச்சர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தால், வாசலில் நிற்கும் கணவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்து பேப்பரைப் பிரித்துவிடுவார்.

இருபத்தோரு வருடமாக இதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததாக டீச்சருக்குத் தெரியவில்லை. பாடம் சூடு பிடிக்கிற நேரத்தில் நிறுத்துவதுதான் பாவம் என்பது அவர் கட்சி.

அந்தக் கட்சிக்கு முதல் ஆபத்து புள்ளியின் உருவத்தில் வந்தது.

புள்ளிக்கு ஒன்பது வயது. இடது கன்னத்தில் மிளகு அளவுக்கு ஒரு மச்சம். அதை வைத்து அப்பா கூப்பிட ஆரம்பித்த செல்லப்பெயர், பையோடு சேர்ந்து பள்ளிக்கும் வந்துவிட்டது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. நன்றாகப் படிப்பாள், கேட்டால் பதில் சொல்வாள், எடை, நீளம், அளவு என்றால் உயிரையே விடுவாள். ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு மாறும் இடம் மட்டும்தான் அவளுக்குக் கண்டம். 'புத்தகத்தை மூடுங்க, வரிசையா நில்லுங்க' என்றால் மற்ற பிள்ளைகளுக்குக் குஷி. அவளுக்கோ, இருட்டில் இன்னும் ஒரு படி இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் காலைத் தூக்கி வைக்கிற மாதிரி. முதல் மாதத்தில் நாலு முறை காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டாள். ஐந்தாவது முறை, சித்திரம் வரைந்துகொண்டிருந்த வகுப்பைத் திடீரென்று மைதானத்துக்குக் கூட்டிப் போகப் பார்த்தபோது, புத்தக அலமாரி சாய்ந்தது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனாலும் சத்தம் ஹெச்.எம். அறை வரை கேட்டுவிட்டது.

ஹெச்.எம். கெட்டவர் இல்லை. முப்பத்திரண்டு பிள்ளைகள் உள்ள அறையில் அலமாரி சாய்ந்தால் எந்தத் தலைமையாசிரியரும் செய்வதைத்தான் செய்தார். புள்ளி பன்னிரண்டு மணி வரை மட்டும் வரட்டும் என்றார். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை தானே வந்து ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்து பார்ப்பதாகவும், திருப்தியாக இருந்தால் முழு நாள், இல்லாவிட்டால் இந்த வருடம் முழுக்க அரை நாள்தான் என்றும் சொல்லிவிட்டார்.

மத்தியானத்தில்தான் அறிவியல் கூடமும் நூலகமும். தினமும் பையை மாட்டிக்கொண்ட பிறகு புள்ளி ஒரே கேள்வியைக் கேட்பாள்: "மத்தியானம் இவங்க என்ன செய்வாங்க?" டீச்சர் சொல்வார். கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் கொதிக்க வைப்போம், ஆவி வரும், அளப்போம். புள்ளி முழுசாகக் கேட்டுக்கொள்வாள். "சரி" என்பாள். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவாள். அழுதிருந்தால்கூட டீச்சருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

வழி காட்டியது செவ்வாய்க்கிழமை மேடம். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பு ஆசிரியை அவர். நாலு பள்ளிக்கு ஒருவர் என்பதால் இங்கே செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வருவார். பிள்ளைகள் வைத்த பெயர் அது. டீச்சரைவிடப் பதினைந்து வயது சின்னவர். மேடம் முதலில் புள்ளியைப் பார்க்கவில்லை. டீச்சரின் பாடத்தைப் பார்த்தார்.

எடை பாடம் நடந்துகொண்டிருந்தது. "கையில கிடைக்கிறதை எல்லாம் எடை போட்டுப் பாருங்க" என்று டீச்சர் வழக்கம்போல அவிழ்த்துவிட்டிருந்தார். வகுப்பு முடிந்ததும் மேடம் கேட்டார்: எத்தனை பொருள்? எது முதலில்? முடிந்தது என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? முடிந்ததும் என்ன? டீச்சர் நாலுக்கும் பதில் தேடினார். நாலுக்கும் பதில், 'நான் சொல்லும்போது தெரியும்' என்பதுதான்.

அந்த வாரமே பாடம் சட்டை மாற்றிக்கொண்டது. தினமும் நாலு பகுதி, அதே வரிசை: பார்க்கிறோம், எடை போடுகிறோம், எழுதுகிறோம், எடுத்து வைக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் போட்ட அட்டை. கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு நீளப் பலகையில், ஒட்டிப் பிரிக்கிற நாடாவால் அட்டைகள் மேலிருந்து கீழாக உட்கார்ந்திருக்கும். முடிந்த அட்டையைப் பிரித்து 'முடிந்தது' என்று எழுதிய பெட்டியில் போட வேண்டும். எடை போட ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு தட்டில் ஆறே பொருள். தட்டு காலியானால் வேலை முடிந்தது. அதோடு சத்தமே போடாத ஒரு கடிகாரம். திருப்பி வைத்தால் முகத்தில் சிவப்பு விரியும், நேரம் போகப் போகச் சிவப்பு சுருங்கும், தீர்ந்தால் வெள்ளை.

முடிவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு முறையும், இரண்டு நிமிடம் இருக்கும்போது ஒரு முறையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இருந்த இடத்திலிருந்தே கத்தக் கூடாது. பக்கத்தில் போய், குனிந்து, அடுத்த அட்டையைக் காட்டி, தினமும் அதே வார்த்தைகளில் சொல்ல வேண்டும்: "எடை போட இன்னும் ரெண்டு நிமிஷம். அப்புறம் எழுதறோம்."

ஆசிரியர் அறையில் சிரிப்பு தாங்கவில்லை. "ரெண்டு நிமிஷத்துக்கே ரெண்டு நிமிஷ வைத்தியமா?" என்றார் விளையாட்டு ஆசிரியர்.

ஆனால் வைத்தியம் வேலை செய்தது. ஒரு வாரம் மேஜைக்கு அடியில் யாரும் போகவில்லை. இரண்டாவது வாரம் இன்னொரு வேடிக்கை. பலகை புள்ளிக்காகத்தான் வந்தது. வகுப்பே அதில் தொங்க ஆரம்பித்தது. பென்சிலைத் தேடியே பாதி வகுப்பைக் கழிக்கிற பையன்கள்கூட ஐந்து நிமிட அறிவிப்பு வந்ததும் சுறுசுறுப்பாகிவிட்டார்கள். அட்டையைப் பெட்டியில் போடும் பொறுப்பு புள்ளிக்கு. சிவப்பு தீர்ந்த அடுத்த நொடி அவள் பலகை முன்னால் நிற்பாள்.

மூன்றாவது வாரம் புதன்கிழமை வந்தது. ஹெச்.எம். வரப்போகும் வெள்ளிக்கு இரண்டு நாள்.

அன்றைக்குத் தட்டில் ஒரு பெரிய பஞ்சு உருண்டையை டீச்சர் வேண்டுமென்றே வைத்திருந்தார். புள்ளியின் ஜோடி, வகுப்பே 'லொடலொட' என்று கூப்பிடுகிற பக்கத்து சீட்டுப் பெண். வாய் மூடாது. அவள் பஞ்சுதான் கனம் என்று அடித்துச் சொன்னாள். புள்ளி பஞ்சைத் தராசில் வைத்தாள். மறுபக்கத்தில் ஒரு சின்ன அழிப்பான். பஞ்சு விர்ரென்று மேலே போனது.

"இது பெரிசா இருந்து ஏமாத்துது" என்றாள் புள்ளி.

லொடலொட விழுந்து விழுந்து சிரித்தாள். புள்ளியும் சிரித்தாள். பள்ளிக்கு வந்த நாளிலிருந்து அவள் இன்னொரு பிள்ளையோடு சேர்ந்து சிரித்து டீச்சர் பார்த்தது அதுதான் முதல் முறை. ஐந்து நிமிட அறிவிப்பு சொல்லியாகிவிட்டது. இரண்டு நிமிட அறிவிப்பும் ஆகிவிட்டது. சிவப்பு ஒரு நூலளவு இருந்தது. அதுவும் போனது.

டீச்சருக்கு மனம் வரவில்லை. இந்தச் சிரிப்பை எப்படி நிறுத்துவது? கை தானாகப் போய்க் கடிகாரத்தைத் திருப்பியது. சிவப்பு மறுபடி எட்டிப் பார்த்தது.

"எல்லாரும் நல்லா செய்யறீங்க. இன்னும் ரெண்டு நிமிஷம் பரிசு."

வகுப்பு ஓவென்று கத்தியது. அப்போதுதான் டீச்சர் பார்த்தார். புள்ளி ஏற்கெனவே எழுந்து பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கை அட்டைக்குப் பாதி வழியில் இருந்தது. கண் கடிகாரத்தில்.

"முடிஞ்சுது" என்றாள். "முடிஞ்சுது. முடிஞ்சுது. முடிஞ்சுது."

குரல் ஒவ்வொரு முறையும் ஒரு படி ஏறியது. டீச்சர் பதறிப்போய் அவள் தோளைப் பிடித்தார். பிடித்திருக்கவே கூடாது. தராசு தரையில் விழுந்து தட்டுகள் உருண்டன. புள்ளி சுவர் மூலையில் காதைப் பொத்திக்கொண்டு தன் நெற்றியை முட்டியில் இடித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகாவது டீச்சருக்குப் புத்தி வந்தது. பக்கத்து வகுப்பு ஆசிரியையைக் கூப்பிட்டு மற்ற பிள்ளைகளை வெளியே அனுப்பினார். விளக்கை அணைத்தார். நெற்றிக்கும் முட்டிக்கும் நடுவே தன் நாற்காலி மெத்தையைத் தள்ளிவைத்தார். நாலடி தள்ளித் தரையில் உட்கார்ந்தார். கேள்வி கேட்கவில்லை, சமாதானம் சொல்லவில்லை, தொடவில்லை. எப்போதாவது ஒரு முறை, "இங்க இருக்கேன்" என்று மட்டும் சொன்னார். இருபது நிமிடம் ஆயிற்று. மூச்சு மெல்ல அடங்கியது. புள்ளி தலையைத் தூக்காமலே, தொண்டை கட்டின குரலில் கேட்டாள்:

"சிவப்பு பொய் சொல்லுமா?"

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். "சொல்லாது" என்றார். "சிவப்பு சரியாத்தான் சொல்லிச்சு. நான்தான் தப்பு பண்ணிட்டேன்."

பன்னிரண்டு மணிக்கு வாசலில் புள்ளியின் அப்பா நின்றிருந்தார். நகரப் பேருந்து ஓட்டுநர். மனைவி மருத்துவமனையில் நர்ஸ், பகல் வேலை. மகள் அரை நாள் என்று ஆனதிலிருந்து இவர்தான் விடிகாலை வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு பன்னிரண்டுக்கு வந்து அழைத்துப் போகிறார். புள்ளி சற்றுத் தள்ளி நின்று வாசல் கம்பிகளை எண்ணிக்கொண்டிருக்க, டீச்சர் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். பிள்ளை நன்றாக இருந்தாள், சிரித்தாள், அதனால்தான் நேரத்தைக் கூட்டிக் கொடுத்தேன் என்பதையும் சொன்னார். திட்டு விழும் என்று எதிர்பார்த்தார்.

ஓட்டுநர் திட்டவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எங்க வண்டியில இது நடக்கும் டீச்சர். ரோடு காலி, வண்டி நல்லா போகுதுன்னு ஒரு ஸ்டாப்பை விட்டுட்டுப் போயிட்டா, கடைசி ஸ்டாப் போறவங்க எல்லாம் என்னைப் புகழுவாங்க. அங்க இறங்க வேண்டிய ஒருத்தர் மட்டும் கதவுகிட்ட கம்பியைப் பிடிச்சுட்டு நின்னுட்டு இருப்பாரு."

மகளைப் பார்த்தபடி சேர்த்துக்கொண்டார்: "இவ எப்பவும் கதவுகிட்டதான் நிக்கறா. அவ்வளவுதான்."

டீச்சர் அன்று இரவு சாப்பாடு பரிமாறும்போது கணவரிடம் இதைச் சொன்னார். கணவர் குழம்புக் கரண்டியையே பார்த்துக்கொண்டு, இருபத்தாறு வருடமாகத் தானும் கதவருகில்தான் நிற்பதாகச் சொன்னார். டீச்சருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

புதன்கிழமை நடந்ததை ஹெச்.எம்.மிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர் அன்று கல்வி அலுவலகத்தில் கூட்டத்துக்குப் போயிருந்தார். வியாழக்கிழமை காலை டீச்சர் அவர் அறை வாசல் வரை போனார். வெள்ளிக்கிழமை முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டார். பயம்தான். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

வகுப்பில் முதல் வேலையாக ஒரு தாளில் எழுதிக் கடிகாரத்துக்கு மேலே ஒட்டினார்: 'திருப்பி வைத்த பிறகு யாரும் கடிகாரத்தைத் தொடக் கூடாது. டீச்சரும் தொடக் கூடாது.' புள்ளி கிட்டே போய் இரண்டு முறை படித்தாள். 'டீச்சரும்' என்ற சொல்லில் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். கடிகாரத்தை மன்னித்துவிட்டாள் என்று தெரிந்தது. டீச்சரை மன்னித்தாளா என்று தெரியவில்லை.

அடுத்தது ஹெச்.எம். வருகை. செவ்வாய்க்கிழமை மேடத்திடம் போனில் கேட்டதற்கு, மாற்றங்களே வராமல் காக்க முடியாது, ஆனால் வரப்போகிற மாற்றத்தை முந்தின நாளே பலகையில் காட்டலாம் என்றார். மஞ்சள் அட்டையில் 'மாற்றம்' என்று எழுதி, யார், எப்போது வருவார், எங்கே உட்காருவார், எப்போது போவார் என்று போட்டுவிட வேண்டும். டீச்சர் அலுவலகக் கோப்பிலிருந்து ஹெச்.எம்.மின் புகைப்படத்தைப் பிரதி எடுத்து ஒட்டினார். புள்ளி பார்த்தாள்.

"இவர் இல்லை. இவருக்கு முடி இருக்கு."

படம் பன்னிரண்டு வருடப் பழசு. வேறு வழியில்லாமல் டீச்சர் ஹெச்.எம். அறைக்குப் போய், காரணத்தை முழுசாகச் சொல்லாமல், புதுப் படம் ஒன்று வேண்டும் என்று கேட்டார். அவர் சுவரோரம் நின்று, வயிற்றை எக்கி, செல்போனைப் பார்த்து முறைத்தார். புள்ளி அந்தப் படத்தை ஏற்றுக்கொண்டாள். படத்துக்குக் கீழே: '10.40 வருவார். ஜன்னல் ஓரக் கடைசி நாற்காலி. 11.20 போவார்.'

வெள்ளிக்கிழமை 10.40க்கு ஹெச்.எம். வந்தார். ஜன்னல் ஓரக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். புள்ளி திரும்பி ஒரு முறை சரிபார்த்துக்கொண்டாள். பாடம் தொடங்கியது. பார்க்கிறோம் முடிந்தது, அட்டை பெட்டிக்குள் போனது. எடை போடுகிறோம் வந்தது. ஆறு பொருள், ஆறு எடை. லொடலொட வாயால் ஊகம் சொல்ல, புள்ளி எடைக்கல்லால் அதை உடைத்துக்கொண்டிருந்தாள்.

ஹெச்.எம். அந்தக் காலத்தில் கணக்கு வாத்தியார். அவரால் எத்தனை நேரம் சும்மா உட்கார முடியும்? மெதுவாக எழுந்தார். முன் வரிசைத் தராசு ஒன்றின் பக்கம் போனார். பாக்கெட்டிலிருந்து பள்ளிச் சாவிக்கொத்தை எடுத்து, இது எத்தனை கிராம் சொல்லுங்கள் பார்ப்போம் என்றார். நாலு பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். டீச்சர் ஐந்து நிமிட அறிவிப்பு சொன்னார். பிறகு இரண்டு நிமிட அறிவிப்பு. ஹெச்.எம்.மின் காதில் எதுவும் விழவில்லை. அவர் எடைக்கல்லை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு இருபது வயது குறைந்திருந்தது.

சிவப்பு தீர்ந்தது. புள்ளி எழுந்து பலகை முன்னால் வந்தாள். அட்டையில் கை வைத்தாள். பிரிக்கவில்லை. திரும்பிச் சாவிக்கொத்தைப் பார்த்தாள். அப்புறம் டீச்சரைப் பார்த்தாள்.

ஒரு நொடி டீச்சருக்கு எல்லாம் கண்முன் வந்து போனது. முழு நாளா அரை நாளா என்று எழுதப்போவது இந்த மனிதர். அவரைப் பிள்ளைகள் எதிரே நிறுத்தச் சொல்வதா? ஆனால் அந்தப் பெண் கதவருகில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். டீச்சர் ஹெச்.எம். பக்கத்தில் போய், குனிந்து, பிள்ளைகளிடம் சொல்கிற அதே குரலில் சொன்னார்:

"சார், எடை போட்டது முடிஞ்சுது. இப்ப எழுதறோம்."

"இருங்க டீச்சர், இன்னும் ஒரே ஒரு கல்லு..."

"இல்ல சார். முடிஞ்சுது."

ஹெச்.எம். நிமிர்ந்து பார்த்தார். காது மடல் சிவந்தது. பிறகு சாவிக்கொத்தை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு தன் நாற்காலிக்குத் திரும்பினார். நாடா பிரியும் சத்தம் கேட்டது. அட்டை பெட்டிக்குள் விழுந்தது. புள்ளி தன் இடத்துக்கு வந்து பென்சிலை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.

எழுதுகிறோம் முடிந்தது. எடுத்து வைக்கிறோம் முடிந்தது. 11.20க்கு ஹெச்.எம். எழுந்து வெளியே போனார். போகும்போது டீச்சருக்கு ஒரு ஜாடை காட்டினார்.

தாழ்வாரத்தில் டீச்சர் குட்டு வாங்கத் தயாராக நின்றார். ஹெச்.எம். தன் முப்பது வருடத்தில் ஒரு வகுப்பு முழுசும் ஒரே நேரத்தில் பென்சிலை எடுத்து இன்றுதான் பார்த்ததாகச் சொன்னார். தன்னை உட்கார வைத்ததைப் பற்றித் தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்றார். உதட்டோரம் சிரிப்பு இருந்தது. அப்புறம், திங்கள்கிழமையிலிருந்து புள்ளிக்கு முழு நாள் என்றார். தாராளம் அதோடு நிற்கவில்லை.

"திங்கள்கிழமை வரைக்கும் எதுக்கு? இன்னிக்கே இருக்கட்டும். மத்தியானம் அறிவியல் கூடம்தானே? அவங்க அப்பாவுக்கு நான் போன் பண்றேன். குழந்தை சந்தோஷப்படும்."

டீச்சருக்கு மனம் பறந்தது. ஒரே ஒரு மூச்சு நேரம். பிறகு ஜன்னல் வழியாகப் பலகையைப் பார்த்தார். அடியில் கடைசி இரண்டு அட்டைகள்: பை. அப்பா, பன்னிரண்டு மணி.

"வேண்டாம் சார்" என்றார். "இன்னிக்கு அவ வீட்டுக்குப் போகட்டும்."

ஹெச்.எம்.முக்குப் புரியவில்லை. நீங்கள்தானே கேட்டுக் கேட்டு என் உயிரை எடுத்தீர்கள் என்றார். பிறகு முகம் மாறியது. "ஒரு மத்தியானம் மாறினதுக்கே தாங்க மாட்டான்னா, முழு நாளை எப்படித் தாங்குவா? அப்ப நான் யோசிக்கணும் டீச்சர்."

இனி மறைத்து வைக்க முடியாது என்று டீச்சருக்குத் தெரிந்தது. புதன்கிழமையைச் சொன்னார். பஞ்சு உருண்டை, சிரிப்பு, கடிகாரம், தராசு, இருபது நிமிடம், எல்லாவற்றையும். நேற்றே சொல்லாதது தன் தப்பு என்றும் சொன்னார்.

"அன்னிக்கு நான் குடுத்ததும் பரிசுதான் சார். நீங்க இப்ப குடுக்கறதும் பரிசுதான். திங்கள்கிழமை மத்தியானம் இருக்கணும்னு இன்னிக்கே அவளுக்குத் தெரிஞ்சா, இருப்பா. இன்னிக்கு மத்தியானத்தை இன்னிக்குச் சொன்னா, அது அவ கால் வெக்கற இடத்துல படியை உருவற மாதிரி. அவளைத் தாங்க வெக்கறதுக்கா நாம கூப்பிடறோம்? படிக்கத்தானே கூப்பிடறோம்."

ஹெச்.எம். ஜன்னல் பக்கம் திரும்பினார். உள்ளே புள்ளி அலமாரியில் அடுக்கியிருந்த தராசுத் தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். மறைத்ததற்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதித் தர வேண்டும் என்றார் கடைசியில். டீச்சர் தலையாட்டினார்.

"சரி. திங்கள்கிழமை மத்தியானம்னா, பலகையில என்னென்ன அட்டை வேணும்?"

பதினொன்று ஐம்பதுக்கு டீச்சர், ஹெச்.எம்., புள்ளி மூன்று பேரும் மேஜையைச் சுற்றி இருந்தார்கள். வெற்று அட்டைகளும் ஸ்கெட்ச் பேனாவும் நடுவில். திங்கள்கிழமை பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்குப் போவதில்லை, மத்தியானமும் பள்ளி உண்டு என்று டீச்சர் சொன்னார். புள்ளி துள்ளிக் குதிக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேள்விகளை ஆரம்பித்தாள்.

"எங்க சாப்பிடுவேன்?"

சாப்பாட்டுக் கூடம் என்று சொல்ல டீச்சர் வாயெடுத்தார். இருநூறு பிள்ளைகளின் தட்டுச் சத்தம் நினைவுக்கு வந்தது. ஹெச்.எம். முந்திக்கொண்டு, நூலகத்தில் சாப்பிடலாம், அங்கே சாப்பிடக் கூடாது என்கிற விதியைப் போட்டதே தான்தான், தானே தளர்த்துவதாகச் சொன்னார். டீச்சர் அட்டையில் நூலகத்தை வரைந்தார்.

"யார் கூட?"

லொடலொடவிடம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும், அவள் சம்மதித்தால் அவளோடு என்றார் டீச்சர். புள்ளி அவளைப் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். சம்மதம். அட்டையில் இரண்டு பேர்.

"அறிவியல் கூடத்துல எத்தனை பகுதி?"

நாலு. பார்க்கிறோம், அளக்கிறோம், எழுதுகிறோம், எடுத்து வைக்கிறோம். புள்ளி விரல் விட்டு எண்ணிக்கொண்டாள். பிறகு ஹெச்.எம். பக்கம் திரும்பினாள்.

"நீங்க வருவீங்களா?"

"பாக்கலாம் கண்ணு" என்றார் ஹெச்.எம்.

புள்ளி காத்திருந்தாள். டீச்சரும் பேனாவை அட்டைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஹெச்.எம். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வரமாட்டேன்" என்றார்.

"சரி" என்றாள் புள்ளி. அவள் தோள்கள் இரண்டு விரற்கடை கீழே இறங்கின.

சரியாகப் பன்னிரண்டுக்கு அவள் பையோடு வாசலில் இருந்தாள். கையில் திங்கள்கிழமையின் சின்னப் பிரதி. வீட்டுச் சுவரில் ஒட்ட. ஓட்டுநர் அதை வாங்கி மேலிருந்து கீழாகப் படித்தார். கடைசி வரியில் நின்றார். மறுபடி முதலிலிருந்து படித்தார். டீச்சர் பக்கம் பார்க்க முயன்று, முடியாமல், சட்டைப் பையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

"அப்ப நான்..." என்று ஆரம்பித்தவர், மகள் பக்கம் திரும்பினார். "திங்கள்கிழமை அப்பா எத்தனை மணிக்கும்மா வரணும்?"

"மூணேகால்" என்றாள் புள்ளி. "கீழ எழுதியிருக்கு. அதை மடிக்காதீங்க அப்பா."

அவர் மடிக்கவில்லை. இரண்டு கைகளாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மகளுக்குப் பின்னால் நடந்தார்.